ஒப்பமிட்ட நாட்கள் எத்தனை?

வாரக் கூலி வழங்கும் ஒரு சிறு அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு தொழிலாளர்கள். நாள் கூலி 600 ரூபாய். அரை நாளுக்கு 300 ரூபாய். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, ஒவ்வொருவரும் வருகைப் பதிவேட்டில் தம் பெயருக்கு நேராகச் சுருக்கொப்பம் இடுகிறார்கள். கணக்கு எழுதுபவரோ வேறு ஊரில் இருக்கிறார். பதிவேடு அச்சகத்தை விட்டு நகராது. எனவே சனிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து அவருக்கு அனுப்புகிறார்கள். அவர் படத்தைப் பார்த்து, யார் எத்தனை நாள் வந்தார் என்று கூட்டிச் சொல்ல வேண்டும்.

இது எளிய வேலை என்றே தோன்றும். ஒப்பம் இருந்தால் வருகை, இல்லாவிட்டால் வரவில்லை. எண்ணுவதற்கு என்ன கடினம்? ஆனால் பதிவேடு வேறு, பதிவேட்டின் படம் வேறு. படத்தில் கட்டங்களின் அளவு மாறுகிறது, கோடுகள் சாய்கின்றன, தாளின் மேல் நிழல் விழுகிறது. இவற்றால் ஒருவருடைய ஒரு நாள் கூலி மற்றொருவர் கணக்கில் போய்ச் சேரக்கூடும். அதுவும் மொத்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட வேறுபாடு இல்லாமல்! அது எவ்வாறு நிகழ்கிறது, அதை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை இங்கே காண்போம்.

சதுரம் சரிவகமாகும் விதம்

நம் அச்சகப் பதிவேட்டில் ஒரு வாரத்துக்கு 12 நிரல்கள் உள்ளன: திங்கள் முதல் சனி வரை ஆறு நாட்கள், நாளுக்கு முற்பகல், பிற்பகல் என இரண்டு. ஆறு பேருக்கு ஆறு நிரைகள். ஆக 72 கட்டங்கள். அவர்களை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்றே அழைப்போம்.

படம் பிடித்தவர் பதிவேட்டின் இடப்பக்கமாக நின்றார் என்று கொள்வோம். இடது ஓரம் கேமராவுக்கு அருகிலும் வலது ஓரம் தொலைவிலும் அமைந்துவிட்டன. அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும் என்பது நாம் அறிந்ததே. எனவே செவ்வகமான அட்டவணை படத்தில் சரிவகமாகிவிடுகிறது. படத்தை அளந்து பார்த்தால் இடது ஓரத்தின் உயரம் 6 செ.மீ., வலது ஓரத்தின் உயரம் 4.8 செ.மீ., இரண்டுக்கும் இடையே உள்ள அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு கேள்வி. அட்டவணையின் நட்ட நடுவில், அதாவது புதன் பிற்பகலுக்கும் வியாழன் முற்பகலுக்கும் இடையே, ஒரு கோடு இருக்கிறது. அது படத்தில் எங்கே இருக்கும்? 18-இல் பாதி 9 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இடப்பக்க நிரல்கள் அகலமாகவும் வலப்பக்க நிரல்கள் குறுகியும் தெரிவதால் நடுக்கோடு வலப்பக்கம் தள்ளிப்போயிருக்கும்.

அதன் சரியான இடத்தைக் காண ஒரு சிறு வழி உண்டு. அட்டவணையின் நான்கு மூலைகளையும் எடுத்து, இரண்டு மூலைவிட்டங்களை வரையுங்கள். நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே இருக்கும். மூலை மூலையாகவே இருக்கும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் அதன் மையத்தில் வெட்டிக்கொள்வதால், படத்திலும் அவை மையம் இருக்கும் இடத்திலேயே வெட்டிக்கொள்ள வேண்டும். சரிவகத்தில் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி, இணையான இரண்டு பக்கங்களின் விகிதத்தில் அகலத்தைப் பிரிக்கும். இங்கே அந்த விகிதம் 6 : 4.8, அதாவது 5 : 4. எனவே நடுக்கோடு இடது ஓரத்திலிருந்து 18-இல் ஒன்பதில் ஐந்து பங்கு தொலைவில், அதாவது 10 செ.மீ.இல் இருக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் வேறுபாடுதானே என்று எண்ண வேண்டாம். முதல் நிரலின் அகலம் ஏறத்தாழ 18 மி.மீ.; கடைசி நிரலின் அகலம் 12 மி.மீ. மட்டுமே. புதன் பிற்பகலுக்குரிய நிரல் ஏறத்தாழ 8.5 செ.மீ.இல் தொடங்கி 10 செ.மீ.இல் முடிகிறது. கோடுகள் மங்கலாக இருக்கின்றன என்று ஒருவர் அளவுகோலை வைத்து 1.5 செ.மீ.க்கு ஒரு நிரலாகப் பிரித்தால், 9 முதல் 10.5 வரை உள்ள பகுதியை வியாழன் முற்பகல் என்று கொள்வார். அதில் மூன்றில் இரண்டு பங்கு உண்மையில் புதன் பிற்பகல்! ஆகவே படத்தில் சம இடைவெளிகளை ஒருபோதும் நம்பக்கூடாது.

இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியக் கலையைப் பற்றி எழுதிய நூலில், சதுரக் கற்கள் பதித்த தரையை வரைவோருக்கு ஒரு சோதனையைத் தந்தார். ஒரு கல்லின் மூலைவிட்டத்தை நீட்டினால் அது அடுத்தடுத்த கற்களின் மூலைகள் வழியாகவும் நேராகச் செல்ல வேண்டும். சென்றால்தான் படம் சரி. அதே சோதனை நமக்கும் பயன்படும். அ-வின் முதல் கட்டத்தின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, ஆ-வின் இரண்டாம் கட்டம், இ-யின் மூன்றாம் கட்டம் எனப் படியிறங்கும் ஒரு நேர்கோடு, ஊ-வின் ஆறாம் கட்டத்தைக் கடந்து நடுக்கோட்டின் அடியைத் தொட வேண்டும். தொட்டால் நீங்கள் நிரல்களையும் நிரைகளையும் சரியாக இனம் கண்டிருக்கிறீர்கள். நடுவில் எங்கேனும் கோடு மூலையைத் தவறவிட்டால், ஒரு நிரலையோ நிரையையோ இரு முறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது ஒன்றை விட்டுவிட்டீர்கள், அல்லது தாள் சமதளமாக இல்லாமல் வளைந்திருக்கிறது. தடித்த பதிவேட்டின் முதுகுப்பக்கம் பெரும்பாலும் வளைந்தே இருக்கும். அங்கே நேர்கோட்டுச் சோதனை செல்லாது. பக்கத்தை அழுத்திப் பிடித்து மீண்டும் படம் எடுப்பதே வழி.

வெளிச்சத்தில் உள்ள மையும் நிழலில் உள்ள தாளும்

அடுத்தது, கட்டத்தில் ஒப்பம் இருக்கிறதா என்று பார்ப்பது. படம் எண்ணற்ற படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகப் பதிவாகிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. விளக்கொளி நன்றாக விழும் இடத்தில் வெறும் தாளின் எண் 200 என்றும் மையின் எண் 80 என்றும் கொள்வோம். அதே பக்கத்தில் படம் எடுப்பவரின் கை நிழல் விழுந்த இடத்தில் தாளின் எண் 70 ஆகவும் மையின் எண் 28 ஆகவும் குறைந்துவிடும்.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். நிழலில் உள்ள வெறும் தாள் (70), வெளிச்சத்தில் உள்ள மையை (80) விடக் கறுப்பாக இருக்கிறது! எனவே "இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மை, மேலே இருந்தால் தாள்" என்று பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லையை வைக்க முடியாது. 100 என்று வைத்தால் நிழல் பகுதி முழுவதும் மையாகிவிடும். 50 என்று வைத்தால் வெளிச்சப் பகுதியில் உள்ள ஒப்பங்கள் அனைத்தும் மறைந்துவிடும். கைப்பேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தெளிவாக்கும் வசதியில் சில வேளைகளில் நேர்வது இதுவே. மங்கலான ஒப்பம் அதில் துப்புரவாக அழிந்துபோகும். பார்ப்பவருக்கோ கட்டம் வெண்மையாக, ஐயத்துக்கு இடமின்றிக் காலியாகத் தெரியும். ஆகவே மாற்றப்படாத வண்ணப் படத்தையே கேட்டுப் பெற வேண்டும்.

மாறாதது எது? விகிதம். வெளிச்சத்தில் 80-ஐ 200-ஆல் வகுத்தால் 0.4. நிழலில் 28-ஐ 70-ஆல் வகுத்தாலும் 0.4. தாள் எத்தனை பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, மை எத்தனை பங்கு திருப்பி அனுப்புகிறது என்பவை அந்தப் பொருள்களின் இயல்புகள். விழும் ஒளி குறைந்தால் இரண்டும் ஒரே அளவில் குறையும். அவற்றின் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். நம் கண்ணும் இவ்வாறே ஒப்பிட்டுப் பார்க்கிறது. எனவே ஒரு கட்டத்தைப் பார்க்கும்போது அதை ஒட்டிய வெறும் தாளோடு ஒப்பிட வேண்டுமே தவிர, பக்கத்தின் மறுகோடியில் உள்ள பளிச்சென்ற ஒப்பத்தோடு ஒப்பிடக்கூடாது.

மை இருக்கிறது என்பதனாலேயே ஒப்பம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மேல் நிரையில் ஒப்பமிட்டவரின் வால் கீழ்க் கட்டத்துக்குள் இறங்கியிருக்கலாம். இதற்கு அளவு உதவும். ஓரக் கோடுகளை நீக்கிவிட்டுக் கட்டத்தின் உட்பகுதி 12 மி.மீ. அகலமும் 8 மி.மீ. உயரமும் என்றால் பரப்பு 96 சதுர மி.மீ. பந்துமுனைப் பேனாக் கோட்டின் தடிப்பு அரை மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுருக்கொப்பத்தில் பேனா 24 மி.மீ. ஓடினால் மை படிந்த பரப்பு 12 சதுர மி.மீ., அதாவது கட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. மேலிருந்து தொங்கும் 4 மி.மீ. வாலோ 2 சதுர மி.மீ. மட்டுமே, நூற்றுக்கு இரண்டு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை. தவிர, வால் எப்போதும் மேல் கோட்டைக் கடந்து வரும். ஒப்பம் கட்டத்தின் நடுவே நிற்கும்.

கட்டத்தில் ஒப்பத்துக்குப் பதிலாக "விடுப்பு" என்ற குறியோ, வராதவருக்கு மேற்பார்வையாளர் இட்ட சிவப்புக் கோடோ இருக்கலாம். இவையும் மைதான், ஆனால் வருகை அல்ல. இங்கே நிறம் கைகொடுக்கும். சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளைத் தாளில் எழுதிய சிவப்பு எழுத்து மறைந்துபோவதையும், நீல எழுத்து கருமையாகத் தெரிவதையும் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மை சிவப்பொளியைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புகிறது. நீல மை அதை விழுங்கிவிடுகிறது. வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சிவப்புப் படத்தை மட்டும் தனியே பார்த்தால், சிவப்புக் கோடுகளும் குறிகளும் மங்கி, நீல ஒப்பங்கள் மட்டும் எஞ்சி நிற்கும்.

கூட்டலும் சரிபார்ப்பும்

இனி எண்ணுவோம். முழு நாள் வந்தவருக்கு 2, ஒரு வேளை மட்டும் வந்தவருக்கு 1, வராதவருக்கு 0 என்று எழுதுவோம். பதிவேட்டில் உள்ள உண்மை நிலை இது:

| | திங். | செவ். | புத. | வியா. | வெள். | சனி | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| அ | 2 | 2 | 2 | 2 | 2 | 2 | 12 |
| ஆ | 2 | 2 | 0 | 2 | 2 | 2 | 10 |
| இ | 1 | 2 | 2 | 2 | 2 | 2 | 11 |
| ஈ | 2 | 1 | 2 | 2 | 2 | 2 | 11 |
| உ | 0 | 2 | 2 | 2 | 2 | 2 | 10 |
| ஊ | 2 | 2 | 2 | 2 | 0 | 2 | 10 |
| மொத்தம் | 9 | 11 | 10 | 12 | 10 | 12 | 64 |

72 கட்டங்களில் 64 ஒப்பங்கள். 8 கட்டங்கள் காலி. 64 அரை நாட்கள் என்பது 32 நாட்கள்; கூலி 19,200 ரூபாய். மேற்பார்வையாளர் ஒவ்வொரு வேளையும் வந்தவர்களைத் தலையெண்ணி, நிரலின் அடியில் எழுதிவைப்பதும் வழக்கம். அது நமக்குக் கிடைத்த தனிச் சாட்சி.

கணக்கு எழுதுபவர் படத்தைப் பார்த்து முதன்முறை எண்ணும்போது இரண்டு தவறுகள் நேர்ந்தன என்று கொள்வோம். வியாழன் பிற்பகலில் ஈ இட்ட ஒப்பம், மை தீர்ந்துகொண்டிருந்த பேனாவால் இட்டது; நிழலிலும் கிடந்தது. அதைக் காலி என்று எண்ணிவிட்டார். இதனால் ஈ-யின் மொத்தம் 10 ஆயிற்று. வியாழனின் மொத்தமும் 11 ஆகக் குறைந்தது. ஆனால் பக்கத்தின் அடியில் வியாழன் முற்பகல் 6, பிற்பகல் 6 என்று இருக்கிறது. அவர் எண்ணியதோ 6, 5. உடனே தவறு அந்த ஒரு நிரலில்தான் என்று தெரிந்துவிடுகிறது. ஆறே கட்டங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். காலி என்று எழுதியது ஈ-யின் கட்டம் ஒன்றுதான்; அங்கே மங்கலான கோடுகள் புலப்படுகின்றன. தவறு திருத்தப்பட்டது.

இரண்டாவது தவறு இவ்வளவு எளிதில் அகப்படாது. வெள்ளிக்கிழமை நிரல்களில் அடியில் உள்ள ஒரு நிரை காலியாக இருந்தது. அது யாருடையது என்று அறிய அவர் அங்கிருந்து இடப்பக்கமாகக் கிடைமட்டத்தில் பார்வையைச் செலுத்தினார். பார்வை உ-வின் பெயரில் போய் நின்றது. உண்மையில் அது ஊ-வின் கட்டம்.

ஏன் இப்படி? நம் படத்தில் வலப்பக்கம் ஒடுங்குவதால், கீழ் நிரை வலப்புறம் செல்லச் செல்ல மேலேறுகிறது. வெள்ளி நிரல்கள் இடது ஓரத்திலிருந்து ஏறத்தாழ 14 செ.மீ. தொலைவில் உள்ளன, அங்கே ஊ-வின் நிரை 4 மி.மீ. ஏறிவிடுகிறது. இதோடு, கைப்பேசியைப் பிடித்தவர் அதை இரண்டரைப் பாகை மட்டும் சாய்த்துப் பிடித்திருந்தால் மேலும் 6 மி.மீ. ஏறும். இரண்டும் சேர்ந்து 10 மி.மீ. இடது ஓரத்தில் ஒரு நிரையின் உயரமும் 10 மி.மீ.தான். எனவே பார்வை சரியாக ஒரு நிரை பிசகி, அடுத்தவர் பெயரில் அழகாக வந்து அமர்கிறது. மேல் நிரைகளிலோ ஒடுக்கம் கீழ்நோக்கியும் சாய்வு மேல்நோக்கியும் இழுப்பதால், ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அங்கே தவறு நேராது. ஆகவே மேலே ஓரிரு பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, "எல்லாம் சரி" என்று முடிவு செய்வதும் ஆபத்தே.

விளைவைப் பாருங்கள். உ-வின் மொத்தம் 10-க்குப் பதில் 8. ஊ-வின் மொத்தம் 10-க்குப் பதில் 12. உ-வுக்கு 600 ரூபாய் குறைவு. ஊ-வுக்கு 600 ரூபாய் அதிகம். ஆனால் வெள்ளியின் மொத்தம் 10 அப்படியே இருக்கிறது. அடியில் எழுதிய தலையெண்ணிக்கையோடு பொருந்துகிறது. மொத்தக் கூலியும் 19,200 ரூபாயே. அச்சகத்தின் கணக்கு பைசா பிசகாமல் நேராகிவிட்டது. பிசகியது ஒரு மனிதரின் கூலி மட்டும். அவர் வந்து கேட்டாலும், "மொத்தம் சரியாக இருக்கிறதே" என்ற விடைதான் கிடைக்கும்.

காரணம் எளிது. தலையெண்ணிக்கை என்பது ஒரு வேளையில் எத்தனை பேர் வந்தனர் என்பதற்குச் சாட்சி. யார் வந்தனர் என்பதற்குச் சாட்சி அன்று. ஒரே நிரலுக்குள் இருவர் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. அதைப் பிடிக்க வேறு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, இரு திசைகளில் தனித்தனியே படிப்பது. ஒரு தடவை நிரல் நிரலாக மேலிருந்து கீழே படித்து ஓர் அட்டவணை எழுதுங்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, நிரை நிரையாக இடமிருந்து வலமாகப் படித்து வேறொரு அட்டவணை எழுதுங்கள். இம்முறை கிடைமட்டத்தை நம்பாமல், பெயருக்குக் கீழே உள்ள அச்சுக் கோட்டையே விரலால் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். பின்பு இரண்டு அட்டவணைகளையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். மொத்தங்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது. உ, ஊ ஆகியோரின் வெள்ளிக் கட்டங்கள் நான்கும் உடனே வேறுபட்டுத் தெரியும்.

இரண்டாம் வழி, ஒப்பத்தின் வடிவம். ஒருவரின் சுருக்கொப்பம் ஒவ்வொரு நாளும் சற்று மாறினாலும் அதன் சுழிப்பும் சாய்வும் பெரிதும் ஒத்திருக்கும். ஒரு நிரையை முடித்ததும் அதில் உள்ள ஒப்பங்களை வரிசையாக ஒரு முறை பாருங்கள். நடுவில் வேறு கை புகுந்திருந்தால், பெரும்பாலும் நீங்கள் நிரை மாறிவிட்டீர்கள் என்பதே பொருள். ஊ வெள்ளியன்று வந்ததாக எழுதியவர் அந்த ஒப்பத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால், அது உ-வின் ஒப்பம் என்பதைக் கண்டிருப்பார்.

படத்தால் சொல்ல முடியாதவை

எவ்வளவு பார்த்தாலும் தீராத கட்டம் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே "வந்தார்" அல்லது "வரவில்லை" என்று ஊகித்து எழுதுவதைவிட, கேள்விக்குறி இடுவதே முறை. ஈ-யின் அந்த மங்கலான கட்டம் இறுதிவரை தெளியவில்லை என்றால், அவர் வருகை 5 நாட்களுக்குக் குறையாது, 5½ நாட்களுக்கு மிகாது என்று எழுத வேண்டும். பிறகு அச்சகத்துக்குச் சொல்லி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் நெருங்கிப் படம் எடுத்து அனுப்பச் செய்யலாம். ஊகித்து எழுதிய விடையில் ஐயம் மறைந்துவிடும். கேள்விக்குறியில் அது கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும்.

ஒருவருக்காக மற்றொருவர் ஒப்பமிட்டாரா, ஆறு நாள் ஒப்பத்தையும் ஒருவர் சனிக்கிழமை ஒரே மூச்சில் இட்டாரா என்பவற்றையும் படம் உறுதியாகச் சொல்லாது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்று தெரிந்தால் ஐயம் எழலாமே தவிர, அது முடிவாகாது. பேனாவின் அழுத்தத்தால் தாளில் விழும் பள்ளமும், அழித்து எழுதிய இடத்தின் சொரசொரப்பும் மூலப் பதிவேட்டில்தான் உள்ளன. எனவே கணக்கு முடிந்த பின்னும் அந்தப் பக்கம் பத்திரமாக இருக்க வேண்டும்.

படம் எடுப்பவர் செய்யக்கூடியவை மூன்று. கைப்பேசியைப் பக்கத்தின் நடுவுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம் விழுமாறு வைத்துக்கொண்டு, தம் நிழலை விலக்கி நிற்க வேண்டும். பெயர்களும், தேதிகளும், அடியில் உள்ள தலையெண்ணிக்கையும் ஒரே படத்தில் முழுமையாக அடங்க வேண்டும். அடிவரி வெட்டுப்பட்டால், ஈ-யின் அரை நாளைக் காப்பாற்றிய சாட்சியும் அதோடு போய்விடும்.